14% சேதாரமா, 9% சேதாரமா: எந்த பில் குறைவு?

"நெக்லஸ் ஒன்று வாங்கினேன். கிராம் 10,000 ரூபாய், எடை 12 கிராம், சேதாரம் 14% என்றார்கள். 1,36,800 வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். பில் 1,42,399. அதில் 12.400, 12.000 என்று இரண்டு எடை வேறு இருக்கிறது. பக்கத்துக் கடையில் இதே மாடலுக்குச் சேதாரம் 9%தானாம், செய்கூலி மட்டும் கிராமுக்கு 600 தனியாம். நான் ஏமாந்துவிட்டேனா? பில் படத்தை இணைத்திருக்கிறேன்."

ஏமாறவில்லை. கல்லுக்கும் அதே தொகை என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக் கடையில் வாங்கியிருந்தால் 618 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் அப்பா நகைப் பட்டறை வைத்திருந்தவர். நான் நகைக்கடை பில் பிரிவில் 14 வருடம் உட்கார்ந்திருந்தேன். அதனால் இந்தக் கணக்கை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் 22 கேரட் தங்க நகைக்குப் பொருந்தும். வைரத்துக்கு விலை போடும் முறையே வேறு, அதில் எனக்குப் பழக்கம் இல்லை.

முதலில் உங்கள் பில்லை வரி வரியாகப் பார்ப்போம். 12.400 என்பது நகையை அப்படியே தராசில் வைத்தால் வரும் மொத்த எடை. அதில் கல் 0.400 கிராம். அதைக் கழித்தால் 12.000, அதுதான் நிகர எடை, அதாவது தங்கம் மட்டும். சேதாரம் 14% என்றால் 12 கிராமுக்கு 1.680 கிராம். ஆக 13.680 கிராம் தங்கத்துக்கு உங்களிடம் பணம் வாங்குகிறார்கள். அது 1,36,800 ரூபாய். இதுவரை நீங்கள் போட்ட கணக்கும் பில்லும் ஒன்றுதான். அதற்கு மேல் செய்கூலி கிராமுக்கு 50 வீதம் 600 ரூபாய், கல்லுக்கு 800 ரூபாய். கூட்டினால் 1,38,200. இந்த மொத்தத் தொகைக்கும் 3% ஜிஎஸ்டி, மத்திய அரசுக்கு ஒன்றரை, மாநில அரசுக்கு ஒன்றரை என்று இரண்டு வரியாகப் போட்டிருப்பார்கள். அது 4,146. ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாய், அதற்கு 18% வரி சேர்த்து 53 ரூபாய் 10 காசு. எல்லாம் சேர்ந்து 1,42,399. நீங்கள் விட்டது வரி, செய்கூலி, கல், ஹால்மார்க் ஆகிய நான்கை. அதில் பெரியது வரிதான். சேதாரத்துக்கும் சேர்த்துத்தான் வரி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் கையில் வராத 1.680 கிராமுக்கு மட்டும் 504 ரூபாய் வரி கட்டியிருக்கிறீர்கள்.

செய்கூலிக்கு 5% ஜிஎஸ்டி என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது உங்கள் தங்கத்தை நீங்களே கொடுத்து, கூலிக்குச் செய்து வாங்கும்போது கூலிக்கு மட்டும் போடும் வரி. கடையில் செய்து வைத்திருக்கும் நகையை வாங்கும்போது எல்லாம் சேர்த்து 3%தான். உங்கள் பில்லும் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது அந்த 618. இரண்டு கடையை ஒப்பிட நான் எப்போதும் செய்வது ஒன்றுதான். செய்கூலியையும் சதவீதமாக மாற்றிச் சேதாரத்தோடு கூட்டிவிடுவேன். உங்கள் கடையில் கிராமுக்கு 50 ரூபாய் செய்கூலி. 10,000 ரூபாய் விலையில் அது அரை சதவீதம். 14-உடன் சேர்த்தால் 14.5. பக்கத்துக் கடையில் கிராமுக்கு 600, அதாவது 6%. 9-உடன் சேர்த்தால் 15. அரை சதவீதம் அங்கே அதிகம். 1,20,000 ரூபாய்த் தங்கத்தில் அரை சதவீதம் 600 ரூபாய், அதற்கு 3% வரி 18 ரூபாய். முடிந்தது. மனக்கணக்கிலேயே வந்துவிடும், கடைக்காரரிடம் கால்குலேட்டர் கேட்க வேண்டியதில்லை. சில கடை பில்களில் இரண்டையும் சேர்த்து 'விஏ' என்று ஒரே சதவீதமாகப் போட்டிருப்பார்கள், மதிப்புக் கூட்டுதல் என்று அர்த்தம். அப்படி இருந்தால் கூட்ட வேண்டிய வேலைகூட இல்லை.

ஆனால் இந்த ஒப்பீடு அன்றைய விலையோடு கட்டப்பட்டது. சேதாரம் சதவீதம், ஆகவே தங்கம் ஏறினால் அதுவும் ரூபாயில் ஏறும். செய்கூலி கிராமுக்கு இவ்வளவு ரூபாய் என்று இருந்தால் தங்கம் எங்கே போனாலும் நின்ற இடத்தில் நிற்கும். இதே இரண்டு கடையும் தங்கள் கணக்கை மாற்றாமல் இருந்து, கிராம் 11,000 ஆனால் இரண்டு பில்லும் ஒரே தொகை வரும். 11,000-க்கு மேலே போனால் நீங்கள் பார்த்த அந்த 9% கடைதான் மலிவு. அதனால் போன வருடம் உங்கள் அக்கா வாங்கியபோது எந்தக் கடை குறைவாக இருந்தது என்பதை வைத்து இன்றைக்குத் தீர்மானிக்காதீர்கள்.

இங்கே சேதாரம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடையில் நகை வாங்குவது குறைவு. வீட்டிலிருக்கும் தங்கத்தைப் பத்தரிடம் எடை போட்டுக் கொடுப்பார்கள். 10 பவுன் கொடுத்தால் 80 கிராம். (பவுன் என்பதே ஆங்கிலேயர் காலத்து சவரன் காசிலிருந்து வந்த அளவு. அந்தக் காசும் 22 கேரட்தான், எடை 8 கிராமுக்குச் சற்றே குறைவு.) நகை செய்து முடித்த பிறகு 76 கிராம் திரும்பி வந்தால் 4 கிராம் சேதாரம். கம்பி இழுக்கும்போதும், அரம் போட்டுத் தேய்க்கும்போதும், பொடி வைத்து ஊதும்போதும், மெருகு போடும்போதும் தங்கம் கொஞ்சம் உதிரும், கொஞ்சம் நெருப்பில் போகும். அது உண்மை. ஆனால் 4 கிராமும் காற்றில் போய்விடாது.

என் அப்பாவின் பட்டறையில் வேலை முடிந்ததும் தினமும் நடப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் மடிமேல் விரித்திருந்த துணியை மெதுவாக மடித்து உதறுவார். மேசையைத் தூரிகையால் பெருக்குவார். அரப்பொடி ஒரு தகர டப்பாவுக்குப் போகும். தரையைக் கூட்டிய குப்பையும் வெளியே போகாது, மூலையில் ஒரு சாக்கில் சேரும். கையைக் கழுவிய தண்ணீரைக்கூடத் தொட்டியில்தான் விட வேண்டும், அடியில் படிவது தங்கம். வருடத்துக்கு ஒரு முறை அதையெல்லாம் உருக்கிப் பிரித்து எடுப்பார்கள். அப்படியும் தப்பியது சாக்கடைக்குப் போகும். கோவையில் பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளி அலசியே பிழைத்த குடும்பங்கள் உண்டு. ஆக, சேதாரம் என்று பத்தர் எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதி உண்மையான இழப்பு, மீதி அவருக்குத் தங்கமாகக் கிடைத்த கூலி. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது தெரியும். கையில் பேசிய கூலி குறைவாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

இன்றைக்கு மெஷின் செயினில் உதிரும் துகள் உறிஞ்சு குழாய் வழியாகவே திரும்பச் சேர்ந்துவிடுகிறது. சொல் மட்டும் பழையபடி நிற்கிறது. இன்றைய பில்லில் சேதாரம் என்பது பட்டறைக்குக் கொடுக்கும் கூலி, டிசைனுக்கான விலை, கடையின் லாபம், வாடகை, விளம்பரம் எல்லாம் சேர்ந்த ஒன்று. அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை பில்லைப் பார்த்து உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. 2019 தொடக்கத்தில் கிராம் சுமார் 3,000 ரூபாய் இருந்தது. அன்றைக்கு இதே 12 கிராம் நெக்லஸுக்கு 14% என்றால் சேதாரம் 5,040 ரூபாய். உங்கள் பில்லில் 16,800. நெக்லஸ் செய்ய ஆகும் நேரமும் கை வேலையும் அதேதான். அதனால்தான், விலை ஏற ஏற, சேதாரத்தைப் பேசிக் குறைக்க இடமும் கூடுகிறது என்கிறேன். இது என் கருத்து, கடைக்காரர் வேறு மாதிரிச் சொல்வார். விலை ஏறினால் சரக்குக்குப் போடும் முதலும் ஏறுகிறது என்பார். அதிலும் நியாயம் உண்டு.

எத்தனை சதவீதம் நியாயம் என்று கேட்டால், சட்டம் எதையும் நிர்ணயிக்கவில்லை. என் மேசை வழியாகப் போன பில்களை வைத்துச் சொன்னால், சாதாரண மெஷின் செயின், வளையல் எல்லாம் ஒற்றை இலக்கத்தில் முடிந்துவிடும். நெக்லஸ், ஆரம், கல் வைத்த தோடு என்றால் 12-லிருந்து 18 வரை சாதாரணமாகப் போகும். கோயில் நகை மாதிரி உருவம் செதுக்கிய 'ஆன்டிக்' வேலையில் 20-ஐத் தாண்டும். எடை குறைந்த நகைக்குச் சதவீதம் அதிகமாகத் தெரியும். 2 கிராம் தோட்டுக்கும் 12 கிராம் நெக்லஸுக்கும் சில சமயம் உழைப்பு ஒன்றுதான், பரப்பிப் போட எடை இல்லை. ஆகவே உங்கள் 14% ஆச்சரியப்பட ஒன்றுமில்லாத எண். பேசியிருந்தால் ஒன்றிரண்டு குறைத்திருப்பார்களா? அனேகமாக. உங்கள் நகையில் ஒரு சதவீதம் என்றால் வரியோடு 1,236 ரூபாய்.

பேசும்போது எந்த நூறில் பேசுகிறோம் என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். "சேதாரத்தில் 20% தள்ளுபடி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 14-இல் 20% என்றால் 2.8, சேதாரம் 11.2 ஆகும், அவ்வளவுதான். தங்கத்தின் விலையில் 20% குறைகிறது என்று நினைத்து வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்த்திருக்கிறேன். "செய்கூலி இல்லை" என்பதும் அப்படித்தான். உங்கள் கடையில் செய்கூலியை விட்டாலும் குறைவது 600 ரூபாய். அதை விட்டுவிட்டுச் சேதாரத்தை 16 ஆக்கினால் 2,400 கூடும். ஒரு கை கொடுக்கும், இன்னொரு கை எடுக்கும். கூட்டிய சதவீதம் மட்டும் மனதில் இருந்தால் இதில் எதுவும் உங்களைத் தொடாது.

நிஜமாகவே பணம் போகும் இடம் நீங்கள் கேட்ட அந்த இரண்டு எடை. உங்கள் பில் சரியாக 12.000-க்குத்தான் போட்டிருக்கிறது. சில இடங்களில் கல்லைக் கழிக்காமல் 12.400-க்கே தங்க விலையும் சேதாரமும் போட்டு, கல்லுக்கும் தனியாக 800 வாங்குவார்கள். அப்படி நடந்திருந்தால் 14.136 கிராமுக்குக் காசு கட்டியிருப்பீர்கள், வரியோடு சேர்த்துச் சுமார் 4,700 ரூபாய் அதிகம். கல்லைத் தங்க விலைக்கு வாங்கியது போல. சேதாரத்தில் ஒரு சதவீதத்துக்காக அரை மணி நேரம் பேசுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. கல் எடை எவ்வளவு என்று கேளுங்கள், அது பில்லில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இனாமல் பூசியதோ, அரக்கு நிரப்பியதோ இருந்தால் அதையும் கேளுங்கள். கல் பதித்த நகையில் கல்லைக் கழற்றி எடை போட முடியாது என்பதால், கடை சொல்லும் கல் எடையை ஓரளவு நம்பித்தான் ஆக வேண்டும். ஹால்மார்க்கும் இதில் உதவாது. ஹால்மார்க் சொல்வது தங்கத்தின் தரத்தை மட்டும். நகையில் பிஐஎஸ் முத்திரை, 22K916, அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி இருக்கும். இந்த ஆறு இலக்க எண் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். 'BIS Care' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது எந்த வகை நகை, என்ன தரம் என்று வரும். நெக்லஸுக்கு வாங்கிய எண்ணில் மோதிரம் என்று வந்தால் கடைக்குத் திரும்பப் போங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இதே நெக்லஸை நாளைக்கு அதே விலைக்குக் கொண்டுபோனால் 12 கிராமுக்கு 1,20,000-தான் கணக்கு. சேதாரம், செய்கூலி, கல், வரி எதுவும் திரும்பாது. சில கடைகள் அதிலும் கொஞ்சம் கழிப்பார்கள். 22,399 ரூபாய் வாங்கிய அன்றே போன பணம். கழிவே இல்லாமல் போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் கிராம் 11,867 ஆக வேண்டும். போட்டு அழகு பார்க்க வாங்கியிருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. சேமிப்பு என்று நினைத்து வாங்கியிருந்தால், அடுத்த முறை சேதாரம் குறைந்த காசோ சாதாரண செயினோ பாருங்கள்.

எடை போடும்போது டேக்கைக் கழற்றச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த கடையில் ஒரு அம்மா வந்தார், கையில் மஞ்சள் பை. நகையை வைத்ததும் தராசில் 12.436 என்று காட்டியது. "அந்த நூலையும் அட்டையையும் எடுத்துட்டு வைப்பா" என்றார். எடுத்துவிட்டு வைத்தோம், 12.400. சாதாரணமாக டேக் எடையைக் கழித்துத்தான் பில் போடுவோம். அன்றைக்குப் புதுப் பையன், கழிக்க மறந்திருந்தான். உங்கள் பில் விலையில் அந்த 36 மில்லிகிராம் 360 ரூபாய், சேதாரமும் வரியும் தனி. அந்த அம்மா அதோடு விடவில்லை. தராசுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு முறை வைக்கச் சொன்னார். 12.400-தான் வந்தது.